ஆப் காட்டும் கச்சேரி ஒன்று, டிக்கெட் விலை இரண்டு: எந்தக் கதவு உண்மையானது?

நூல்கண்டு, திருப்பூர் · ஜூன் 9, செவ்வாய், இரவு 9.20

ஸ்பாட்டிஃபை பாட்டு ஆப்பில் நான் பின்தொடரும் ஒரு பாடகருக்கு பெங்களூரில் ஆகஸ்ட் 8 சனிக்கிழமை கச்சேரி என்று காலையில் அறிவிப்பு வந்தது. ஏழு வருடமாக அவர் குரலைக் கேட்கிறேன். நேரில் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பாடகர் பக்கத்தில் கீழே போனால் கச்சேரி வரிசை இருக்கிறது. பெங்களூர் வரியைத் தொட்டால் மைதானத்தின் பெயர், தேதி, அதன் கீழே டிக்கெட் பொத்தான். தொட்டேன், ஒரு டிக்கெட் தளம் திறந்தது: "விற்பனை ஜூன் 12 வெள்ளி, பகல் 12 மணிக்கு. ₹2,499 முதல்."

சாயங்காலம் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் வேறொரு லிங்க் அனுப்பினாள். அதே பாடகர், அதே தேதி, அதே மைதானம். டிக்கெட் இப்போதே கிடைக்கிறது. ஒன்று ₹10,150. "இன்னும் 6 டிக்கெட்தான்" என்று சிவப்பில் ஓடுகிறது. அக்கா, தீர்ந்துவிடும், உடனே போடு என்கிறாள்.

ஒரே கச்சேரிக்கு எப்படி இரண்டு விலை? எதை நம்புவது? இரண்டு டிக்கெட் வேண்டும். என் சம்பளத்தில் 20 ஆயிரம் சின்னத் தொகை இல்லை.

அவினாசி ரோடு, கோவை · ஜூன் 9, இரவு 9.52

அக்கா, முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தளம் உண்மையானது. பணம் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், யுபிஐயில் வேண்டாம். அவ்வளவுதான் விஷயம்.

நூல்கண்டு · ஜூன் 9, இரவு 10.05

இரண்டு தளத்திலும் பூட்டு இருக்கிறது தம்பி.

கரும்புக்காடு, கோபி · ஜூன் 10, புதன், காலை 6.15

அம்மிணி, கேட்டதற்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. எனக்கும் அந்த ஆப் பையன் போட்டுக் கொடுத்திருக்கிறான். நானும் நானூறு பாட்டுக்கு மேல் பிடித்த பாட்டுப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கச்சேரி கூட எனக்கு வந்ததில்லை. போன மாசிப் பண்டிகையில் எங்கள் ஊர்க் கோயிலிலேயே பெரிய இசைக்குழு வந்தது, அதுவும் ஆப்பில் வரவில்லை. டவர் பிரச்சினையாக இருக்குமோ?

மலையடி, பொள்ளாச்சி · ஜூன் 10, காலை 8.40

பதினான்கு வருடம் மேடை ஒலி அமைப்பு வேலை, அதில் நாலு வருடம் வாசலில் டிக்கெட் ஸ்கேன் பார்க்கும் ஆட்களோடு நின்றிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கோபி அண்ணாவுக்கு. டவர் இல்லை. பாட்டைப் பிடித்த பட்டியலில் சேர்ப்பது வேறு, பாடகரைப் பின்தொடர்வது வேறு. பாடகர் பக்கத்துக்குப் போய் `Follow` என்பதைத் தொட வேண்டும். ஆப்பின் அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குள் கச்சேரிக்குத் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் போடுங்கள். கோயில் கச்சேரி ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் வேறு. ஆப்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி தேடுவதில்லை. நிகழ்ச்சி நடத்துபவர் ஒரு டிக்கெட் நிறுவனத்தில் பதிகிறார். அந்த நிறுவனமோ, பேண்ட்ஸ்இன்டவுன், சாங்கிக் மாதிரி கச்சேரித் தேதிகளைத் திரட்டும் சேவையோ தன் பட்டியலை ஆப்புக்கு அனுப்புகிறது. ஆப் அதிலுள்ள பெயரைப் பாடகர் பக்கத்தோடு பொருத்துகிறது. டிக்கெட்டே இல்லாத கோயில் கச்சேரி, கல்லூரி விழா, ரசீதுப் புத்தகத்தில் பாஸ் கிழித்துக் கொடுக்கும் நிகழ்ச்சி எதுவும் அந்தப் பட்டியலில் ஏறாது. நம் பக்கத்தில் பாதிக் கச்சேரி அப்படித்தான் நடக்கிறது.

இப்போது நூல்கண்டுக்கு. ஸ்பாட்டிஃபை டிக்கெட் விற்பதில்லை. `Search` பக்கத்தில் `Live Events` என்று ஒன்று இருக்கும், பாடகர் பக்கத்திலும் தேதிகள் இருக்கும், இரண்டும் வெளியே இன்னொரு கடைக்கு வழிகாட்டும் பலகைதான். பலகை சரியா என்பது ஒரு கேள்வி, கடை சரியா என்பது இன்னொரு கேள்வி.

உங்கள் சித்தி மகள் அனுப்பிய கடையைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்கிறேன். விற்பனை வெள்ளிக்கிழமை பகலில்தான் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கள் கையில் டிக்கெட் எப்படி வந்தது?

நூல்கண்டு · ஜூன் 10, காலை 9.10

இதை நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் இருக்கிறேன், மதியம் எழுதுகிறேன்.

அவினாசி ரோடு · ஜூன் 10, காலை 11.30

சில வங்கிக் கார்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே விற்பார்கள் அண்ணா. அப்படி வாங்கி வைத்திருக்கலாமே?

மலையடி · ஜூன் 10, பகல் 12.20

கேட்க வேண்டிய கேள்விதான். முன்விற்பனை உண்டு. ஆனால் அது இருந்தால் அதிகாரப்பூர்வ தளத்திலேயே எந்த வங்கி, எந்த நாள், எத்தனை மணி என்று போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் யாரிடமும் டிக்கெட் இல்லை. இல்லாத டிக்கெட்டை முதலில் விற்றுவிட்டு, வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று வாங்கி, வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் கணக்குப் போட்டிருப்பான். அவனுக்குக் கிடைத்தால் உங்களுக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால், கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் "மன்னிக்கவும், பணம் திரும்ப வரும்" என்று மின்னஞ்சல் வரும். ரயில் டிக்கெட்டுக்கும் லாட்ஜுக்கும் போட்ட பணத்தை யார் கொடுப்பார்?

பூட்டு விஷயம்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை மூன்றாமவர் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அது. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று அது சொல்லாது. போலித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது. கார்டு பற்றி நீங்கள் சொன்னது சரி. கார்டு என்றால் வங்கியில் தகராறு எழுப்ப ஒரு வழி இருக்கிறது. யுபிஐயில் நாமே அனுப்பிய பணத்தைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

நூல்கண்டு · ஜூன் 10, மதியம் 1.35

சாப்பிடாமல் இரண்டு தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் வேலையே வாங்குபவர் அனுப்பும் ஆர்டர் தாளையும் எங்கள் பேக்கிங் லிஸ்டையும் வரி வரியாக ஒப்பிடுவது. அதே பழக்கத்தில் பார்த்தேன்.

அதிகாரப்பூர்வ தளத்தில் மைதான வரைபடம் இருக்கிறது. மூன்றே பகுதி: மேடைக்கு முன்னால் ஃபேன் பிட், அதற்குப் பின்னால் கோல்டு, கடைசியில் சில்வர். எல்லாமே நிற்கும் இடம். ₹2,499 என்பது சில்வர்.

லிங்கில் வந்த தளத்தில் "Standing – Zone 2", அப்புறம் "Lower Tier, Row 1–10". இந்தக் கச்சேரியில் Zone 2 என்று ஒரு இடமே கிடையாது. கீழ் அடுக்கும் கிடையாது, வரிசை எண்ணும் கிடையாது, அது திறந்த மைதானம். வேறு ஏதோ ஸ்டேடியத்தின் படத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த Row 1–10 ஐப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேற்று இரவு அதைத்தான் "முன்வரிசை போல" என்று சித்தி மகளிடம் சொல்லி, வாங்கலாமா என்று பாதி மனதாக இருந்தேன்.

பணம் கட்டும் இடம் வரைக்கும் போனேன், கட்டவில்லை. ₹10,150 என்று இருந்தது கடைசிப் பக்கத்தில் ₹13,185 ஆனது. சேவைக் கட்டணம் ₹2,540, கையாளும் கட்டணம் ₹495. டிக்கெட்டில் அச்சாகும் விலை என்ன என்று எங்கேயும் இல்லை. நான் போய் வந்த இருபது நிமிடத்தில் "இன்னும் 6 டிக்கெட்" என்பது 6 ஆகவே இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தால் 4. மறுபடி புதுப்பித்தால் 6.

காவிரிக்கரை, கரூர் · ஜூன் 10, மாலை 5.50

அந்தத் தளமாவது தளம். நான் இன்ஸ்டாகிராமில் ஏமாந்தவன். போன வருடம் சென்னைக் கச்சேரி ஒன்றுக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. கமெண்டில் ஒருவர் "நண்பனுக்கு வர முடியவில்லை, இரண்டு இருக்கிறது, வாங்கிய விலைக்கே தருகிறேன்" என்று போட்டிருந்தார். பேசினோம், நல்ல மாதிரி. ₹7,000 யுபிஐயில் போட்டேன். உடனே கியூஆர் ஸ்கிரீன்ஷாட் வந்தது. நானும் மனைவியும் பஸ் ஏறிப் போனோம். வாசலில் ஸ்கேன் செய்தார்கள், சிவப்பு வந்தது. "இது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது" என்றார்கள். எங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் அதே ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றார்கள். சுவருக்கு வெளியே நின்று மூன்று பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். மனைவி அழவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அடுத்த நாள்தான் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்தார்கள். பணம் அதற்குள் வேறு கணக்குக்குப் போயிருந்தது. இன்னும் வரவில்லை.

மலையடி · ஜூன் 10, இரவு 7.30

கரூர் தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. வாசலில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் ஸ்கேன் ஆகிறவர் உள்ளே, மற்றவர் வெளியே. இயந்திரத்துக்கு யார் பணம் கொடுத்தவர் என்று தெரியாது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1930க்கு அடுத்த நாள் இல்லை, அடுத்த பத்து நிமிடத்தில் கூப்பிட வேண்டும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கப் பார்ப்பார்கள். `cybercrime.gov.in` இலும் பதியலாம்.

கடைசி நேரத்தில்தான் கியூஆர் திறக்கும் என்று சில தளங்கள் வைத்திருப்பதும் இதற்காகத்தான். அப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு யாராவது ஒரு மாதம் முன்னாலேயே கியூஆர் படம் அனுப்பினால், அது நீங்கள் நினைக்கும் டிக்கெட்டே இல்லை.

நூல்கண்டு · ஜூன் 10, இரவு 10.40

காவிரிக்கரை அண்ணா, நீங்கள் எழுதியதை சித்தி மகளுக்கு அப்படியே அனுப்பினேன். இப்போதுதான் அமைதியானாள்.

அந்த லிங்க் அவளுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கூகுளில் பாடகர் பெயரும் "Bangalore tickets" என்றும் தேடியிருக்கிறாள், முதலில் வந்ததைத் தொட்டிருக்கிறாள். நானும் தேடிப் பார்த்தேன். முதல் முடிவின் மேலே சின்ன எழுத்தில் `Sponsored` என்று இருக்கிறது. விளம்பரம். காசு கொடுத்து மேலே வந்திருக்கிறார்கள். அதிகாரப்பூர்வ தளம் நாலாவது இடத்தில் கிடந்தது.

அப்புறம் அந்தத் தளத்தின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் படித்தேன். நாங்கள் டிக்கெட் மறுவிற்பனைச் சந்தை, விலை அச்சிட்ட விலையை விட அதிகமாக இருக்கலாம் என்று சாம்பல் எழுத்தில் இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து. ஆக, அவர்களே சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் அவ்வளவு கீழே போகவில்லை.

மலையடி · ஜூன் 11, வியாழன், காலை 7.55

அந்தச் சாம்பல் வரி நல்ல மனசால் வந்தது இல்லை. கூகுளில் விளம்பரம் செய்யும் மறுவிற்பனையாளர்கள் தாங்கள் மறுவிற்பனையாளர் என்பதையும் விலை கூடுதலாக இருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று 2018 முதல் கூகுள் வைத்திருக்கும் விதி. அதனால் அந்த வரியைத் தேடுவது ஒரு நல்ல சோதனை. ஆனால் விளம்பரமே செய்யாத, முழுக்கப் போலியான தளத்தில் அந்த வரியும் இருக்காது. வரி இருந்தால் மறுவிற்பனை என்று உறுதி, இல்லாவிட்டால் நல்ல தளம் என்று உறுதி இல்லை.

கோல்ட்ப்ளே இசைக்குழுவின் மும்பைக் கச்சேரி டிக்கெட் விற்பனையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2024 செப்டம்பர் 22 அன்று புக்மைஷோவில் விற்பனை. டிக்கெட் ₹2,500இல் தொடங்கி ₹35,000 வரை. கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது. உடனே மறுவிற்பனைத் தளங்களில் லட்சக் கணக்கில் விலை ஓடியது. வியாகோகோ, கிக்ஸ்பெர்க் போன்ற தளங்களோடு தங்களுக்குத் தொடர்பே இல்லை என்று புக்மைஷோ வெளிப்படையாக அறிவிக்க வேண்டி வந்தது. பெரிய பெயர், பல நாடுகளில் இயங்குகிறது என்பதால் மட்டும் ஒரு தளம் அந்தக் கச்சேரிக்கு அதிகாரப்பூர்வ விற்பனையாளர் ஆகிவிடாது. நடத்துபவர் யாரை நியமித்தாரோ அவர் மட்டும்தான்.

அவினாசி ரோடு · ஜூன் 11, காலை 10.15

அப்படியென்றால் முடிவு எளிது. கூகுளைத் தொடாதே, ஆப்பில் உள்ள பொத்தானை மட்டும் தொடு. ஆப் காட்டினால் அது அதிகாரப்பூர்வம்தானே?

நூல்கண்டு · ஜூன் 11, மதியம் 1.20

நானும் இன்று காலை வரை அப்படித்தான் நினைத்தேன். நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் பின்தொடரும் மற்றவர்களின் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தம் 31 பேர், அதில் ஏழு பேருக்குத்தான் தேதி இருக்கிறது. அந்த ஏழில் ஒரு இசைக்குழுவுக்கு ஒரே நாளில் ஒரே ஊரில் இரண்டு வரி. அரங்கின் பெயர் மட்டும் ஒன்றில் முழுசாக, இன்னொன்றில் சுருக்கமாக. முதல் வரியின் பொத்தான் இசைக்குழு தன் இன்ஸ்டாகிராமில் கொடுத்திருக்கும் அதே டிக்கெட் தளத்துக்குப் போகிறது. இரண்டாவது வரியைத் தொட்டால் ஒரு கச்சேரிப் பட்டியல் தளம், அதில் மறுபடி ஒரு டிக்கெட் பொத்தான், அது கடைசியில் போய் நிற்பது ஒரு மறுவிற்பனைத் தளத்தில்.

அதனால் தம்பி, ஆப் காட்டுகிறது என்பது மட்டும் போதாது. பொத்தானைத் தொட்ட பிறகு பக்கம் எத்தனை தடவை மாறினாலும் பொறுத்திருந்து, கடைசியில் எந்த முகவரியில் நிற்கிறது என்று படிக்க வேண்டும்.

மலையடி · ஜூன் 11, மாலை 6.10

ஒரே கச்சேரி இரண்டு இடத்திலிருந்து ஆப்புக்கு வந்திருக்கும். அரங்கின் பெயர் பொருந்தாததால் இரண்டும் ஒன்று என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. பட்டியல் தளங்கள் தாங்கள் அனுப்பும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கமிஷன் வாங்குவது உண்டு. அந்த வழியில்தான் மறுவிற்பனையாளர் உள்ளே நுழைகிறார்.

முகவரி படிக்கும்போது இடமிருந்து படிக்காதீர்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

```
in.bookmyshow.com/events/...
bookmyshow.example.com/events/...
```

முதலாவதில் `.com` க்கு முந்தைய சொல் bookmyshow, அது அவர்களுடைய இடம். இரண்டாவதில் முந்தைய சொல் example. அந்த இடத்தில் எந்தச் சொல் வருகிறதோ அதுதான் வீட்டுக்காரர் பெயர். முன்னால் ஒட்டியிருப்பது யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

காவிரிக்கரை · ஜூன் 11, இரவு 8.00

இதில் ஒரு சந்தேகம். நான் சேமித்து வைத்திருந்த பழைய லிங்க் ஒன்று இன்சைடர் என்று இருந்தது. கேட்டால் இப்போது டிஸ்ட்ரிக்ட் என்கிறார்கள். பெயர் மாறினால் போலிதானே?

மலையடி · ஜூன் 11, இரவு 8.25

அது போலி இல்லை. 2024இல் பேடிஎம்மின் டிக்கெட் வியாபாரத்தை, இன்சைடரும் சேர்த்து, சொமாட்டோ ₹2,048 கோடிக்கு வாங்கியது. அந்த வியாபாரம்தான் டிஸ்ட்ரிக்ட் ஆப்புக்குப் போனது. பெயர் மாற்றத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. பாடகரின் சொந்தப் பக்கம் இன்றைக்கு எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள்.

நூல்கண்டு · ஜூன் 11, இரவு 11.05

அதைத்தான் செய்தேன், இரண்டு முனையிலிருந்தும் நடந்து பார்த்தேன். ஒரு முனை: ஆப்பில் பாடகர் பக்கம், பெங்களூர் வரி, பொத்தான், கடைசி முகவரி. மறுமுனை: பாடகரின் சரிபார்த்த இன்ஸ்டாகிராம் கணக்கு, அதில் உள்ள லிங்க், அவருடைய சொந்த இணையதளத்தின் சுற்றுப்பயணப் பக்கம், அங்கிருந்து டிக்கெட் பொத்தான், கடைசி முகவரி. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். முடிவில் ஆப் வழியாக வந்ததில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு நீளமான வால் ஒட்டியிருக்கிறது, அது எங்கிருந்து வந்தோம் என்று எண்ணிக்கொள்ள வைப்பது போல. அதற்கு முன்னால் உள்ளது எல்லாம் ஒன்றே.

நாளை 12 மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வாங்குவேன். கணக்கு உருவாக்கி, ஃபோன் எண்ணைச் சரிபார்த்து, கார்டைச் சேர்த்து வைத்துவிட்டேன்.

கரும்புக்காடு · ஜூன் 12, வெள்ளி, காலை 6.30

அம்மிணி, நல்லபடியாகக் கிடைக்கட்டும். நான் நேற்று ஒரு பழைய பாடகரைப் பின்தொடர்ந்தேன். உடனே டொராண்டோவில் இரவு விடுதியில் கச்சேரி என்கிறது. அவர் அங்கெல்லாம் பாடுவாரா? வயது எழுபதுக்கு மேல்.

மலையடி · ஜூன் 12, காலை 8.05

அது அதே பெயரில் உள்ள வேறு ஆள் அண்ணா. பட்டியலில் பெயர் மட்டும் வந்திருக்கும், ஆப் உங்கள் பாடகர் பக்கத்தில் ஒட்டிவிட்டது. கச்சேரிப் பக்கத்தில் இருக்கும் படம், உடன் பாடுபவர்கள் பெயர், அரங்கு மூன்றையும் பார்த்தால் தெரிந்துவிடும். நம் பக்கத்து ஒற்றைப் பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

நூல்கண்டு · ஜூன் 12, மதியம் 1.10

கிடைத்துவிட்டது! இரண்டு சில்வர்.

11.45க்கே உள்ளே போய் உட்கார்ந்தேன். 12 மணிக்கு வரிசையில் என் எண் 8,214. கம்பெனி வைஃபை வேண்டாம் என்று மொபைல் நெட்டில் இருந்தேன். பக்கத்தைப் புதுப்பிக்காதே என்று போட்டிருந்தது, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். 12.31க்கு உள்ளே விட்டது. ஒன்று ₹2,499, இரண்டுக்கு ₹4,998, அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும். டிக்கெட் என் எண்ணில் பதிவாகி இருக்கிறது. கியூஆர் இன்னும் இல்லை, நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் திறக்கும் என்று எழுதியிருக்கிறது.

சித்தி மகள் ஃபோனில் கத்திய கத்தலில் தையல் பிரிவில் திரும்பிப் பார்த்தார்கள்.

நூல்கண்டு · ஜூன் 12, இரவு 9.45

அந்த மறுவிற்பனைத் தளத்தை இப்போது திறந்து பார்த்தேன். Zone 2 இன்னும் அங்கேயே இருக்கிறது, விலை ₹12,900 ஆகியிருக்கிறது. அதிகாரப்பூர்வ தளத்தில் சில்வர் இந்த நிமிடம் கூடக் கிடைக்கிறது. இன்று இரவு யாரோ ஒருவர் அதைப் பார்க்காமல் அந்த 12,900ஐக் கட்டுவார் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. யாராவது தேடி வந்தால் இந்த இழையாவது கண்ணில் படட்டும்.

பெங்களூருக்கு கோவை வந்தே பாரத்தில் திருப்பூரில் ஏறிப் போய்விடலாம். கச்சேரி முடிய இரவு 10 ஆகும், திரும்புவது பஸ்தான்.

அவினாசி ரோடு · ஜூன் 13, சனி, காலை 9.20

வாழ்த்துகள் அக்கா. பூட்டு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. அம்மாவுக்கும் அதையே சொல்லி வைத்திருந்தேன், நேற்றே மாற்றிச் சொல்லிவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும். உங்களுக்கே கடைசி நாளில் போக முடியாமல் போனால்? தெரிந்தவருக்கு வாங்கிய விலைக்கே கொடுத்தால் அதுவும் மறுவிற்பனையா?

மலையடி · ஜூன் 13, காலை 10.50

டிக்கெட்டின் நிபந்தனையைப் படிக்க வேண்டும். சில தளங்களில் ஆப்புக்குள்ளேயே இன்னொரு எண்ணுக்கு மாற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அப்படி மாற்றினால் பழைய கியூஆர் செல்லாது, புதியது அவர் ஃபோனில் வரும். அது நல்ல வழி. சில நிகழ்ச்சிகளில் மாற்றவே கூடாது, வாங்கியவர் அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று இருக்கும்.

காவிரிக்கரை · ஜூன் 13, காலை 11.30

என்னைக் கேட்டால் எந்த விலைக்கும் தெரியாதவரிடம் வாங்கக் கூடாது. என்னிடமும் "வாங்கிய விலைக்கே" என்றுதான் சொன்னார்.

நூல்கண்டு · ஜூன் 13, மதியம் 12.40

அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். என் டிக்கெட்டின் நிபந்தனையைப் படித்தேன், மாற்றலாமா கூடாதா என்று தெளிவாக இல்லை. தளத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டாவது வரி பற்றி ஆப்புக்கும் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு பதில் வந்தது, வரி இன்னும் அங்கேயே இருக்கிறது.

கோபி ஐயா, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கச்சேரிப் பட்டியலில் ஊர் என்ற இடத்தில் ஆப் தானாக ஒரு ஊரைப் போட்டிருக்கும். எனக்குச் சென்னை என்று இருந்தது, நான் அங்கே போய் மூன்று வருடம் ஆகிறது. அதைத் தொட்டால் மாற்றலாம். கோவை, பெங்களூர், கொச்சி மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன். பாடகர் பக்கத்தில் பார்த்தால் எல்லா ஊர்த் தேதியும் சேர்ந்தே வரும்.

கரும்புக்காடு · ஜூன் 14, ஞாயிறு, காலை 6.20

மாற்றிப் பார்த்தேன் அம்மிணி. எனக்கு மும்பை என்று இருந்தது. கோவை என்று வைத்தால் ஒன்றும் இல்லை. கொச்சி என்று வைத்தேன், இரண்டு வந்தது. ஒன்று என் பையன் எப்போதும் கேட்கும் ஆள், அடுத்த மாதம் 18ஆம் தேதி. பொத்தானை இன்னும் தொடவில்லை. அவன் சாயங்காலம் வருவான், கடைசி முகவரியை இரண்டு பேரும் உட்கார்ந்து படித்துவிட்டு இங்கே எழுதுகிறோம்.